புத்தகத்தில் நிற்கும் மூன்றரை லட்சம்: மெஷின் மாற்றும்போது தேய்மானம் தரும் வரி மிச்சம்

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகங்களுக்கு மெஷினிங் வேலை செய்துகொடுக்கும் ஒரு சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி. அதை நடத்துபவர் எனக்குத் தெரிந்தவர். அவருடைய பழைய பிஸ்டன் கம்ப்ரசர் ஒன்பது வருடமாக ஓடுகிறது. சி.என்.சி. மெஷின்களுக்குக் காற்று கொடுப்பது அதுதான். மின்சாரத்தைக் குடிக்கிறது, வால்வு அடிக்கடி போகிறது. புது ஸ்க்ரூ கம்ப்ரசருக்கு விலைப்புள்ளி வாங்கி வைத்துவிட்டு நான்கு மாதமாக முடிவெடுக்காமல் இருந்தார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணம் இது:

"ஏனுங்க, பழசு இன்னும் புத்தகத்துல மூன்றரை லட்சத்துக்கு நிக்குது. ரெண்டு லட்சத்துக்குத்தான் கேக்கறாங்க. ஒன்றரை லட்சம் நட்டத்துக்கு வித்துப்போட்டு புதுசு வாங்கறதுங்களா?"

இந்தக் கேள்வி தப்பான இடத்தில் இருந்து தொடங்குகிறது. ஆனால் கணக்குப் படித்தவர்களும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அவருக்காக ஒரு தாளில் போட்ட கணக்கை இங்கே மெதுவாகப் போட்டுக் காட்டுகிறேன். எண்களை மட்டும் வட்டமாக்கியிருக்கிறேன்.

தேய்மானம் பணமில்லை, வரி பணம்

புது கம்ப்ரசரின் விலை 12 லட்சம். அதன் மேல் வரும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அதை விலையில் சேர்க்கவில்லை. வரவு எடுத்த ஜி.எஸ்.டி. மீது தேய்மானமும் கேட்க முடியாது. பழையதை விற்றால் 2 லட்சம் வரும். ஆக, இன்று கையிலிருந்து நிகரமாகப் போவது 10 லட்சம்.

பதிலுக்கு என்ன கிடைக்கிறது? பழையதைவிடப் புதியது சராசரியாக 5 கிலோவாட் குறைவாக இழுக்கும் என்பது கணிப்பு. நாளுக்கு 20 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் ஓட்டினால் 30,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 2,40,000 ரூபாய். பராமரிப்பில் 40,000 ரூபாய் மிச்சம். மொத்தம் வருடத்துக்கு 2,80,000.

இந்த 2,80,000 முழுவதும் கையில் நிற்காது. மின்கட்டணம் குறைந்தால் செலவு குறைகிறது, செலவு குறைந்தால் லாபம் கூடுகிறது, கூடிய லாபத்துக்கு வரி உண்டு. இந்தக் கம்பெனி சலுகை வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து அது 25.168 சதவீதம். நாம் 25 என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2,80,000 மிச்சத்தில் 70,000 வரிக்குப் போய் 2,10,000 நிற்கும்.

இங்கேதான் தேய்மானம் உள்ளே வருகிறது. மெஷினுக்குக் கொடுத்த 10 லட்சத்தை வாங்கிய வருடமே மொத்தச் செலவாக எழுத வருமான வரிச் சட்டம் விடுவதில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு பங்கைத் தேய்மானம் என்று கழித்துக்கொள்ளச் சொல்கிறது. பொதுவான இயந்திரங்களுக்கு அந்தப் பங்கு மிச்ச மதிப்பில் 15 சதவீதம். முதல் வருடம் 10 லட்சத்தில் 1,50,000.

தேய்மானம் என்று யாருக்கும் காசு கொடுப்பதில்லை. அது வெறும் எழுத்து. ஆனால் அந்த எழுத்தால் லாபம் 1,50,000 குறைந்து தெரிகிறது. அதனால் 37,500 ரூபாய் வரி குறைகிறது. அந்த 37,500 நிஜமான பணம், வங்கிக் கணக்கிலிருந்து வெளியே போகாமல் நின்ற பணம். பாடநூல்கள் இதை வரிக் கவசம் என்கின்றன. நான் வரி மிச்சம் என்றே சொல்கிறேன்.

இரண்டு வழியில் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும். முதல் வழி, லாப நட்டக் கணக்கு வழி: மிச்சம் 2,80,000, தேய்மானம் 1,50,000, எனவே கூடுதல் லாபம் 1,30,000. அதற்கு வரி 32,500. கைக்கு வந்த 2,80,000-இல் 32,500 கொடுத்தால் நிற்பது 2,47,500. இரண்டாவது வழி: வரி போக மிச்சம் 2,10,000, தேய்மானத்தின் வரி மிச்சம் 37,500, கூட்டினால் அதே 2,47,500. இரண்டாவது வழியை ஒரு வரியில் எழுதினால் இப்படி இருக்கும்:

```
வரிக்குப் பிந்தைய ரொக்கம் = மிச்சம் × (1 − வரி விகிதம்) + தேய்மானம் × வரி விகிதம்
```

முதல் வழியில் ஆரம்பித்து, 1,30,000-இல் வரி போக 97,500 என்று வந்ததும் நின்றுவிடுகிறவர்கள் உண்டு. அது லாபம், ரொக்கம் அல்ல. கழித்த தேய்மானம் 1,50,000-ஐத் திரும்பக் கூட்டினால்தான் 2,47,500 வரும்.

பழைய மெஷினுக்கு மூன்று விலை

இப்போது நண்பரின் மூன்றரை லட்சத்துக்கு வருவோம்.

அவர் சொன்ன எண் கம்பெனியின் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் இருப்பது. அது கம்பெனிச் சட்டத்தின்படி, மெஷினின் ஆயுளை அனுமானித்துப் போட்ட தேய்மானத்துக்குப் பிறகு மிஞ்சியது. வருமான வரிக்கு அந்தப் புத்தகம் செல்லாது. வரிக்குத் தனித் தேய்மானம், தனி விகிதம். பழைய கம்ப்ரசர் 8 லட்சத்துக்கு வாங்கியது. ஒன்பது வருடம் 15 சதவீதம் வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் இன்று ஏறக்குறைய 1,85,000 நிற்கும். ஒரே மெஷினுக்குப் புத்தகத்தில் மூன்றரை லட்சம், வரிக் கணக்குப்படி 1.85 லட்சம், சந்தையில் 2 லட்சம். புத்தகத்தைப் பார்த்தால் ஒன்றரை லட்சம் நட்டம், வரிக் கணக்கைப் பார்த்தால் பதினைந்தாயிரம் லாபம்!

சரி, அப்படியானால் அந்தப் பதினைந்தாயிரத்துக்கு வரி கட்ட வேண்டுமா? வேண்டாம். இந்திய வரிச் சட்டத்தில் ஒரு மெஷினுக்குத் தனியாக லாப நட்டம் பார்ப்பதில்லை. ஒரே வகை, ஒரே தேய்மான விகிதம் உள்ள எல்லாச் சொத்துகளும் ஒரு கூடையில் கிடக்கின்றன. ஆடிட்டர்கள் இதை பிளாக் என்பார்கள். வாங்கினால் விலை கூடையில் சேரும். விற்றால், விற்ற விலை கூடையிலிருந்து கழியும். வருடக் கடைசியில் கூடையில் நிற்கும் மொத்தத்துக்கு 15 சதவீதம். இவ்வளவுதான்.

நண்பரின் கூடையில் லேத், மில்லிங், சி.என்.சி. எல்லாம் சேர்ந்து 40 லட்சம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதையும் மாற்றவில்லை என்றால் இந்த வருடத் தேய்மானம் 6,00,000. மாற்றினால் 40 லட்சத்தோடு 12 லட்சம் சேர்ந்து, 2 லட்சம் கழிந்து 50 லட்சம். தேய்மானம் 7,50,000. வித்தியாசம் 1,50,000. மேலே நான் 10 லட்சத்துக்கு 15 சதவீதம் போட்டது இந்தக் கூடையிலிருந்து வந்தது.

பழைய மெஷினின் 1.85 லட்சம் இந்தக் கணக்கில் எங்கே வந்தது? எங்கேயும் வரவில்லை. அது மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் கூடைக்குள்ளேயே கிடந்து வருடாவருடம் தேய்ந்துகொண்டிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது முடிவைப் பாதிக்காது. மூன்றரை லட்சமோ அதைவிடத் தூரம். அது ஒன்பது வருடத்துக்கு முன்னால் செலவழிந்த பணத்தின் எழுத்து மிச்சம். விற்றதும் புத்தகத்தில் ஒன்றரை லட்சம் நட்டம் என்று எழுதுவார்கள். வரிக் கணக்குப் போடும்போது ஆடிட்டர் அதைத் திரும்பக் கூட்டிவிடுவார். அதனால் ஒரு ரூபாய் வருவதுமில்லை, போவதுமில்லை.

இதில் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்கள் மாட்டும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கப் பாடநூல்களில் பழைய மெஷினை நட்டத்துக்கு விற்றால், அந்த நட்டத்தை வரி விகிதத்தால் பெருக்கி வரவில் சேர்க்கச் சொல்வார்கள். அங்கே ஒவ்வொரு சொத்துக்கும் தனிக் கணக்கு, அதனால் அது சரி. அதை அப்படியே இங்கே போட்டால் ஒன்றரை லட்சத்தில் 25 சதவீதம், 37,500 ரூபாய், இல்லாத வரவாக உள்ளே நுழைந்துவிடும். நம்மூர்த் தேர்வுகளிலேயே சில கேள்விகள் அந்த முறையில்தான் வருகின்றன. தேர்வில் கேள்வி சொல்கிறபடி போடுங்கள், தொழிலில் கூடையைப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. விற்ற விலை கூடையின் மொத்த மதிப்பையே தாண்டிவிட்டாலோ, கூடையில் ஒரு சொத்தும் இல்லாமல் காலியாகிவிட்டாலோ, அப்போது குறுகிய கால மூலதன லாபமோ நட்டமோ கணக்கிட வேண்டும். பழையதைக் கொடுத்துவிட்டு அதே வருடத்தில் அதே வகையில் புதியதை வாங்குகிறவருக்குக் கூடை காலியாவதில்லை.

ஆறு வருடக் கணக்கு

புது கம்ப்ரசரை ஆறு வருடம் ஓட்டிவிட்டு 2 லட்சத்துக்கு விற்கலாம் என்று கொள்வோம். பழையது அதற்குள் காயலான் கடைக்குத்தான் போகும், அதன் விலையைப் பொருட்படுத்தவில்லை. மாற்றுவதால் கூடுதலாக வரும் தேய்மானமும் அதன் வரி மிச்சமும் இப்படி இறங்கிக்கொண்டே போகும்:

| ஆண்டு | கூடுதல் தேய்மானம் (ரூ.) | வரி மிச்சம் (ரூ.) |
|---|---|---|
| 1 | 1,50,000 | 37,500 |
| 2 | 1,27,500 | 31,875 |
| 3 | 1,08,375 | 27,094 |
| 4 | 92,119 | 23,030 |
| 5 | 78,301 | 19,575 |
| 6 | 66,556 | 16,639 |

ஆறு வருட முடிவில் 10 லட்சத்தில் 3,77,149 இன்னும் தேயாமல் கூடைக்குள் நிற்கிறது. அப்போது மெஷினை 2 லட்சத்துக்கு விற்றால் அதைக் கழித்து 1,77,149. இதைப் பலரும் ஆறாம் வருடமே நட்டமாக எழுதி மொத்த வரி மிச்சத்தையும் அன்றே எடுத்துவிடுகிறார்கள். கூடை உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது. மெஷின் போன பிறகும் அந்த 1,77,149 வருடத்துக்கு 15 சதவீதம் தேய்ந்துகொண்டே இருக்கும். வால் மாதிரி நீண்டுகொண்டே போகும் சின்னச் சின்ன வரி மிச்சம்.

இந்த வாலை எப்படி மதிப்பிடுவது? அதற்கு முன் வட்டி பற்றி ஒரு வார்த்தை. அடுத்த வருடம் வரும் ரூபாய் இன்றைய ரூபாய்க்குச் சமமில்லை. இந்தக் கம்பெனி தன் பணத்துக்கு வரி போக 12 சதவீதம் எதிர்பார்க்கிறது. எனவே ஒரு வருடம் தள்ளி வரும் தொகையை 1.12-ஆல் வகுக்கிறோம், இரண்டு வருடம் தள்ளி வருவதை இரண்டு தடவை வகுக்கிறோம், இப்படியே. கடன் வாங்கி மெஷின் எடுத்தாலும் வட்டியையோ இ.எம்.ஐ.யையோ வருட ரொக்கத்திலிருந்து கழிக்கக் கூடாது. பணத்தின் விலை அந்த 12 சதவீதத்துக்குள் ஏற்கனவே இருக்கிறது, கழித்தால் இரண்டு தடவை கழித்ததாகும்.

வருடத்துக்கு 15 சதவீதம் இறங்கிக்கொண்டே போகும் வரிசைக்கு ஒரு எளிய குறுக்குவழி உண்டு. கூடையில் நிற்கும் தொகை, தேய்மான விகிதம், வரி விகிதம் மூன்றையும் பெருக்கி, எதிர்பார்க்கும் விகிதமும் தேய்மான விகிதமும் கூடிய தொகையால் வகுக்க வேண்டும்.

```
வரி மிச்சத்தின் மதிப்பு = தொகை × 0.15 × 0.25 ÷ (0.12 + 0.15)
```

1,77,149-க்கு இது 24,604 வரும். அது ஆறாம் வருட முடிவில் உள்ள மதிப்பு, எனவே அந்த வருட ரொக்கத்தோடு சேர்த்துவிடலாம். ஆறாம் வருடத்தில் மிச்சம் 2,10,000, வரி மிச்சம் 16,639, விற்ற பணம் 2,00,000, வால் 24,604, எல்லாம் சேர்ந்து 4,51,243.

விரிதாளில் போடுகிறவர்கள் B1-இல் இன்றைய செலவு −1000000, B2 முதல் B7 வரை ஆறு வருட ரொக்கம் என்று எழுதி, இப்படிக் கேட்கலாம்:

```
=B1+NPV(12%,B2:B7)
```

B1-ஐயும் அடைப்புக்குள் போட்டுவிடாதீர்கள். அந்தச் சூத்திரம் உள்ளே கிடக்கும் முதல் எண்ணை ஒரு வருடம் தள்ளி வருவதாகத்தான் எடுத்துக்கொள்ளும். இன்று கொடுக்கும் 10 லட்சமும் அடுத்த வருடத்துக்கு நழுவிவிடும்.

விடை ஏறக்குறைய 89,500 ரூபாய். 12 சதவீதம் போக இன்றைய மதிப்பில் அவ்வளவு மிஞ்சுகிறது. மாற்றலாம்.

அந்த விடையைப் பிரித்துப் பார்த்தால்தான் தேய்மானத்தின் பங்கு தெரியும். வரி போன மின்சார, பராமரிப்பு மிச்சத்தின் இன்றைய மதிப்பு 8,63,400. கடைசியில் விற்கும் 2 லட்சத்தின் இன்றைய மதிப்பு 1,01,300. இரண்டும் சேர்ந்து 9,64,700 தான். போட்ட 10 லட்சமே திரும்பவில்லை, 35,300 குறைகிறது. ஆறு வருட வரி மிச்சமும் வாலும் சேர்ந்து கொண்டுவரும் 1,24,800-தான் பள்ளத்தை மூடி மேலே தூக்குகிறது. தேய்மானம் பணமில்லாத செலவாயிற்றே என்று அதை ஒதுக்கிவிட்டவர் இந்த மெஷினை வாங்கியிருக்க மாட்டார். ஒன்றரை லட்சம் புத்தக நட்டத்தைச் செலவாகச் சேர்த்தவரும் வாங்கியிருக்க மாட்டார், அவர் கணக்கில் 60,500 குறைவாக வந்திருக்கும். நண்பர் நான்கு மாதம் உட்கார்ந்திருந்தது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

எப்போது ஓட ஆரம்பித்தது?

முதல் வருடம் முழு 15 சதவீதம் கிடைக்க ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த நிதியாண்டில் மெஷின் குறைந்தது 180 நாள் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பாதி, அதாவது 7.5 சதவீதம்தான். மார்ச் 31-இலிருந்து பின்னோக்கி எண்ணினால் எல்லை அக்டோபர் முதல் வாரத்தில் வரும்.

இங்கே பார்க்க வேண்டியது பில் தேதி இல்லை, ஓட ஆரம்பித்த தேதி. செப்டம்பர் கடைசியில் லாரியிலிருந்து இறக்கிவிட்டு, பைப் லைன் வேலை, கூடுதல் மின் இணைப்பு என்று அக்டோபர் நடுவில் ஓட்டினால் பாதித் தேய்மானம்தான். நிறுவிய பொறியாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

நம் கணக்கில் இந்தப் பாதி எவ்வளவு குறைக்கும்? புது மெஷினின் 12 லட்சத்துக்கு 7.5 சதவீதம், 90,000 ரூபாய்த் தேய்மானம் முதல் வருடம் குறையும். வரி மிச்சம் 22,500 குறையும். ஆனால் அந்த 90,000 தொலைந்துவிடவில்லை. கூடைக்குள்ளேயே நின்று பின்வரும் வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். தள்ளிப்போனதால் வரும் உண்மையான நட்டம் இன்றைய மதிப்பில் 8,900 ரூபாய் மட்டுமே. செப்டம்பரில் கொஞ்சம் விரைவுபடுத்துவதற்கு இது போதுமான காரணம், முடிவையே மாற்றுவதற்குப் போதாது.

இதிலேயே ஒரு தலைகீழ்த் தவறும் நடக்கிறது. மார்ச்சில் மெஷின் தயாராக இருக்கும், "ஏப்ரலில் ஓட்டினால் முழுத் தேய்மானம் கிடைக்குமே" என்று நிறுத்தி வைப்பார்கள். மார்ச் கடைசியில் ஓட்டினால் இந்த வருடத்துக்கே பாதி கிடைக்கிறது, அடுத்த வருடம் மிச்சத்துக்கு முழு 15 சதவீதம். ஏப்ரலில் ஓட்டினால் இந்த வருடத்துக்கு ஒன்றுமில்லை. வரி என்ற ஒரு காரணத்துக்காக ஏப்ரலுக்குத் தள்ளுவது கைக்காசு நட்டம்.

வரி இல்லையென்றால் வரி மிச்சமும் இல்லை

மேலே போட்ட கணக்கு முழுவதும் ஒரு அனுமானத்தில் நிற்கிறது: கம்பெனிக்கு ஒவ்வொரு வருடமும் வரி கட்டும் அளவுக்கு லாபம் வருகிறது. நட்டத்தில் ஓடும் கம்பெனிக்கு முதல் வருடத்து 37,500 அந்த வருடம் கிடைக்காது. எடுத்துக்கொள்ள முடியாத தேய்மானத்தை அடுத்தடுத்த வருடங்களுக்குக் கொண்டுபோகலாம், அதற்குக் கால வரம்பும் கிடையாது. ஆனால் மூன்று வருடம் தள்ளி வரும் 37,500-க்கு 12 சதவீதத்தில் மதிப்பு 26,700-தான். அதே சமயம், நட்டக் கம்பெனிக்கு மின்சார மிச்சத்தின் மேலும் உடனே வரி வராது. எனவே இரண்டு இடத்திலும் திருத்த வேண்டும், ஒன்றை மட்டும் திருத்தினால் விடை கோணிவிடும்.

கம்பெனியாக இல்லாமல் தனிநபராகவோ பங்குதாரர் நிறுவனமாகவோ இருந்து, விற்றுமுதலில் 6 அல்லது 8 சதவீதம்தான் லாபம் என்று அனுமான முறையில் வரி கட்டுகிறவர்களுக்குக் கதையே வேறு. அந்த லாபத்துக்குள் தேய்மானம் ஏற்கனவே கழிந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. தனியாக வரி மிச்சம் கிடையாது. ஆனால் கரண்ட் பில் குறைந்தாலும் அவர்கள் வரி கூடுவதில்லை, 2,80,000-உம் முழுதாக நிற்கும். இதே மெஷின் அவர்களுக்கு 2,52,500 மிஞ்சக் கொடுக்கும். தேய்மானம் கிடைக்காதே என்று அவர்கள் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கென்னவோ அவர்கள் நிலைமைதான் மேல் என்று தோன்றும்.

வரி விகிதம் வேறானாலும் எண்கள் மாறும். சலுகை விகிதத்துக்குப் போகாமல் பழைய முறையிலேயே இருக்கும் உற்பத்தி நிறுவனங்களுக்குப் புது இயந்திரத்தின் மேல் 20 சதவீதம் கூடுதல் தேய்மானம் ஒரு தடவை கேட்க வழி இருந்தது. நண்பரின் கம்பெனி சலுகை விகிதத்துக்குப் போனபோதே அதை விட்டுக்கொடுத்துவிட்டது. உங்கள் நிறுவனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுத்தான் மேலே உள்ள 0.25-ஐயும் 0.15-ஐயும் மாற்ற வேண்டும்.

அந்த 5 கிலோவாட்

வரிக் கணக்கு இவ்வளவு நுணுக்கமாகப் போட்ட பிறகு நண்பரிடம் நான் கேட்டது வேறொன்று. "அந்த 5 கிலோவாட் யார் சொன்னது?" விற்பனைப் பிரதிநிதி சொன்னாராம்.

மிஞ்சுகிற 89,500-ஐ அழிக்க எவ்வளவு பிழை போதும் என்று பார்த்தேன். வருட மிச்சம் 2,80,000-க்குப் பதிலாக 2,51,000 வந்தாலே போதும், லாபம் பூஜ்யம். அந்த 29,000 ரூபாய் மின்சாரத்தில் ஏறக்குறைய 3,600 யூனிட். அதாவது 5 கிலோவாட் என்று சொன்னது 4.4 ஆக இருந்தால் முடிந்தது. புத்தக நட்டம், கூடை, 180 நாள் எல்லாவற்றையும்விட இந்த எண்தான் மெலிந்த இடம். அதைச் சரிபார்ப்பதும் சுலபம். பழைய கம்ப்ரசரின் லைனில் ஒரு தனி மீட்டர் மாட்டி இரண்டு வாரம் ஓட்டினால் எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு நேரம் லோடில் இருக்கிறது, எவ்வளவு நேரம் சும்மா சுற்றுகிறது என்று தெரிந்துவிடும்.

மீட்டர் மாட்டுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு கம்ப்ரசரை மட்டும் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். யாரும் காற்று எடுக்காதபோதும் அது அடிக்கடி லோடு எடுத்தால் குழாயில் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்கச் சில ஆயிரம் ரூபாய் போதும், அதற்குப் புது மெஷின் வேண்டாம். கசிவை அடைப்பதால் வரும் மிச்சத்தைப் புது கம்ப்ரசரின் கணக்கில் எழுதுவது, அண்ணன் சம்பாதித்ததைத் தம்பி பேரில் எழுதுவது மாதிரி. நண்பரின் ஷெட்டில் மூன்று கப்ளிங்கும் ஒரு பழைய ஹோஸும் கசிந்தன. மாற்றினார்கள்.

அதற்குப் பிறகு மீட்டர் மாட்டினார்கள். இரண்டு வார அளவை வைத்துப் பார்த்ததில் வித்தியாசம் 5 இல்லை, 4.7 கிலோவாட். மிஞ்சுகிற தொகை 89,500-இலிருந்து 45,100 ஆக இறங்கியது. பிளஸ்தான். செப்டம்பர் மூன்றாவது வாரம் ஆர்டர் கொடுத்தார். "அக்டோபருக்கு முன்னாடி ஓடணுமுங்க, எழுதிக் கொடுங்க" என்று சப்ளையரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். பழையதை எடுக்க வந்தவர் 2 லட்சத்தை 1,90,000 ஆக்கப் பார்த்திருக்கிறார், இவர் விடவில்லை. மூன்றரை லட்சத்தைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.